அத்தியாயம் 7: கணக்கர் விடைபெறும்போது எழுத வேண்டிய ஒப்படைப்பு ஆவணம்

பொறுப்பு ஒப்படைப்பு ஆவணம் என்பது, பணியிலிருந்து விலகும் ஒருவர் தாம் கவனித்துவந்த வேலைகள் எந்த நிலையில் நிற்கின்றன, அவற்றுக்காக யாரை அணுக வேண்டும், எந்த இடங்களில் ஆபத்து காத்திருக்கிறது, கோப்புகள் எங்கே உள்ளன என்ற நான்கையும் அடுத்து வருபவருக்காக எழுதித் தரும் பதிவாகும். பணி விவரக் குறிப்பும் இதுவும் ஒன்றல்ல. அந்தப் பதவியில் இருப்பவர் வழக்கமாக என்ன செய்ய வேண்டும் என்பதைப் பணி விவரக் குறிப்பு சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு நாளில் அந்த வேலைகள் எங்கே நிற்கின்றன என்பதை ஒப்படைப்பு ஆவணம் சொல்கிறது. இந்த வேறுபாட்டை உணராமல் எழுதப்படும் ஆவணங்கள் பெரும்பாலும் "மாதாந்தர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்", "பிஎஃப் செலுத்துதல்" என்ற தலைப்புகளின் பட்டியலாக நின்றுவிடுகின்றன. புதியவருக்கோ இந்த மாதத் தாக்கலில் எது முடிந்தது, எது பாதியில் கிடக்கிறது என்பதே தேவைப்படுகிறது.

திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்கர் விலகுவதாகக் கொண்டு இந்த அத்தியாயம் அந்த ஆவணத்தைப் படிப்படியாகக் கட்டிக் காட்டுகிறது. நிறுவனம் கற்பனையானது, ஆனால் அதன் வேலைகளும் கெடு நாட்களும் நடைமுறையில் உள்ளவை. அது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் இருப்பதால் மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்கிறது. துணியைச் சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங் பட்டறைக்கும் ஜாப் ஒர்க்காக அனுப்பித் திரும்பப் பெறுகிறது. கணக்கரின் கடைசி வேலைநாள் 2025 நவம்பர் 14.

நடந்துகொண்டிருக்கும் வேலைகள்

கணக்குப் பிரிவின் வேலைகள் கெடு நாட்களைச் சுற்றியே ஓடுவதால், அவற்றை முக்கியத்துவ வரிசையில் எழுதுவதைவிட நாட்காட்டி வரிசையில் எழுதுவதே பயன்தரும். பிடித்தம் செய்த வருமான வரியை, அதாவது டிடிஎஸ் தொகையை, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். விற்பனை விவரம் அடங்கிய GSTR-1 படிவத்தை 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ தொகைகளுக்கு 15-ஆம் தேதி கெடு. வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் GSTR-3B படிவத்துக்கு 20-ஆம் தேதி கெடு. விற்பவர்கள் தாக்கல் செய்த பில்களைத் திரட்டி, வாங்கியவருக்கு எவ்வளவு உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்கும் என்று காட்டும் GSTR-2B அறிக்கை 14-ஆம் தேதி தளத்தில் உருவாகிறது. எடுத்துக்காட்டுக் கணக்கர் விலகுவதும் அதே நாள் என்பதால், அக்டோபர் மாதக் கொள்முதலை 2B அறிக்கையோடு ஒத்துப்பார்க்கும் வேலையை அவரால் முடித்துத் தர இயலாது. இதை முன்கூட்டியே கண்டுகொண்டு எழுதுவதற்காகத்தான் நாட்காட்டி வரிசை பரிந்துரைக்கப்படுகிறது.

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு செய்திகள் போதும்: இன்றைய நிலை, அடுத்த படி, கெடு நாள், படி எங்கே தடைப்படக்கூடும் என்பது. GSTR-3B பற்றிய பதிவு பின்வருமாறு அமையலாம்:

"அக்டோபர் மாத GSTR-3B. நிலை: GSTR-1 நவம்பர் 10 அன்று தாக்கலாகிவிட்டது, கொள்முதல் பில்கள் அனைத்தும் டேலியில் ஏறிவிட்டன, 2B உடன் ஒத்துப்பார்க்கவில்லை. அடுத்த படி: 2B அறிக்கையை இறக்கி, டேலியின் கொள்முதல் பட்டியலோடு ஒப்பிட்டு, வித்தியாசப் பட்டியலை ஆடிட்டருக்கு 17-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். கெடு: நவம்பர் 20. தடை: நூல் வியாபாரி ஒருவரின் மூன்று பில்கள் 2B அறிக்கையில் வராமல் இருக்கலாம், அவர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்."

கடைசி வாக்கியம் தனியே விளக்கத்தக்கது. விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ள வணிகர்கள் காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். இடைப்பட்ட மாதங்களில் தங்கள் பில்களைத் தளத்தில் ஏற்ற வசதி இருந்தாலும் அது கட்டாயமில்லை. அத்தகைய வியாபாரி அக்டோபர் பில்களை ஏற்றாமல் விட்டால், அவை டிசம்பர் மாத 2B அறிக்கையில், அதாவது ஜனவரி 14 அன்று உருவாவதில்தான் தென்படும். இது தெரியாத புதிய கணக்கர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்யக்கூடும்: பில் கையில் இருக்கிறதே என்று அக்டோபரிலேயே சலுகையை எடுத்துப் பின்னர் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரிடலாம், அல்லது பில்லே போலி என்று ஐயுற்று வியாபாரியின் பணத்தை நிறுத்திவைக்கலாம். விலகும் கணக்கருக்குப் பழகிப்போன செய்தி என்பதாலேயே இது எழுத்தில் ஏறாமல் போகிறது. ஆகவே ஆவணத்தை எழுதுபவர் "என்னென்ன வேலைகள் உள்ளன" என்று கேட்டுக்கொள்வதோடு நிறுத்தாமல், கடந்த ஆறு மாதங்களில் எந்தெந்த இடத்தில் வழக்கமான படியிலிருந்து விலகிச் செய்ய வேண்டியிருந்தது என்றும் கேட்டு எழுத வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் வேலைகள் தனிப் பகுதியாக இருக்க வேண்டும். மாதச் சுழற்சியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் புதியவரின் கண்ணில் அவை படுவதில்லை. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிப் பத்திரம், தொழிலில் எல்யுடி எனப்படுவது, ஒரு நிதியாண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால், புதிய நிதியாண்டின் முதல் ஏற்றுமதி பில் போடுவதற்கு முன் அதைப் புதுப்பித்தாக வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய, திரும்பி வந்த சரக்குகளைத் தெரிவிக்கும் ITC-04 படிவம் இந்த அளவு நிறுவனத்துக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் 25-லும் ஏப்ரல் 25-லும் வருகிறது. நவம்பரில் பொறுப்பேற்பவர் இவற்றை முதன்முறையாகச் சந்திக்கும்போது கேட்டறிய ஆள் இருக்கமாட்டார்.

தொடர்பாளர்கள்

தொடர்பாளர் பட்டியலில் பெயரும் கைபேசி எண்ணும் மட்டும் இருந்தால், அது கைபேசியில் உள்ள பட்டியலைத் தாளில் படியெடுத்ததற்கு மேல் எதுவும் ஆகாது. எந்த வேலைக்கு அவர் தேவைப்படுகிறார், அவரிடமிருந்து என்ன வர வேண்டியிருக்கிறது, நிறுவனத்தின் சார்பில் அவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் உண்டு. மூன்றாவது செய்தி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. சாயப்பட்டறையின் பழைய பாக்கியை இம்மாத இறுதிக்குள் தீர்ப்பதாகக் கணக்கர் தொலைபேசியில் ஒப்புக்கொண்டிருந்தால், அந்த வாய்ச்சொல் எந்தக் கோப்பிலும் இருக்காது. புதியவர் அதை மறுத்தால் பட்டறை அடுத்த லாட் துணியை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளக்கூடும். எனவே வாய்மொழியாகத் தரப்பட்ட ஒவ்வோர் ஒப்புதலும் முதலாளியின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் ஏற்றாரா மறுத்தாரா என்பதோடு பதிவாக வேண்டும்.

இத்தகைய நிறுவனத்தில் முதன்மைத் தொடர்பாளர்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கோப்பைக் கவனிப்பவர், வங்கியில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்கும் அலுவலர், தூத்துக்குடி துறைமுகத்தில் சுங்க வேலைகளைச் செய்துதரும் கிளியரிங் ஏஜென்ட், சாயப்பட்டறையில் டெலிவரி சலான் எழுதுபவர் ஆகியோர். பட்டறையைப் பொறுத்தவரை உரிமையாளரின் பெயரைவிடச் சலான் எழுதுபவரின் பெயரே கணக்கருக்குப் பயன்படும், ஏனெனில் எந்த லாட்டில் எத்தனை கிலோ திரும்பியது என்ற கேள்விக்கு விடை அவரிடம்தான் உள்ளது. நபர்களின் குணத்தைப் பற்றிய குறைகள் ஆவணத்தில் இடம்பெறக் கூடாது. "வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் வராது, காலை பத்து மணிக்கு முன் அழைத்தால் பேசுவார்" என்பது போன்ற நடைமுறைச் செய்தி இடம்பெறலாம். விலகுபவர் தம் கடைசி வாரத்தில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் புதியவரை நேரிலோ தொலைபேசியிலோ அறிமுகப்படுத்தி, அறிமுகம் நடந்த தேதியையும் பட்டியலில் எழுதிவிட்டால், நவம்பர் 17 அன்று புதியவர் அழைக்கும்போது முன்பின் தெரியாதவராக இருக்கமாட்டார்.

நிலுவையில் உள்ள ஆபத்துகள்

இந்தப் பகுதியை எழுதத் தயக்கம் ஏற்படுவது இயல்பு, ஏனெனில் இதில் வரும் பலவும் விலகுபவரின் கவனக்குறைவாகத் தோற்றம் தரலாம். ஆகவே ஆபத்தை யார் பிழை என்ற கேள்வியிலிருந்து பிரித்து, என்ன நேரக்கூடும், எந்த நாளுக்குள், அது நெருங்குவதை எப்படிக் கண்டறிவது, இதுவரை என்ன செய்யப்பட்டது, முடிவெடுக்க வேண்டியவர் யார் என்ற ஐந்து கேள்விகளுக்குள் அடக்குவது நல்லது. எடுத்துக்காட்டு நிறுவனத்தில் அத்தகைய இரண்டு ஆபத்துகளை விரிவாகக் காணலாம்.

முதலாவது சாயப்பட்டறையில் நிற்கும் துணி. ஜாப் ஒர்க்குக்காக வரி கட்டாமல் அனுப்பும் மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வரவோ, பட்டறையிலிருந்தே விற்பனையாகிப் போகவோ வேண்டும். தவறினால், அனுப்பிய நாளன்றே அது பட்டறைக்கு விற்கப்பட்டதாகச் சட்டம் கொள்கிறது, வரியும் வட்டியும் அதற்கேற்பச் சேருகின்றன. 2024 டிசம்பர் 3 தேதியிட்ட ஒரு சலானில் 620 கிலோ சாயமேற்றாத துணி போனதாகவும், பல தவணைகளில் 580 கிலோ திரும்பியதாகவும் கொள்வோம். மீதமுள்ள 40 கிலோவில் ஒரு பகுதி சாயமேற்றும்போது இயல்பாகக் குறையும் எடை; மறுபகுதி நிறம் ஒத்துவராததால் மறுசாயத்துக்காகப் பட்டறையிலேயே நிற்கும் துணி. ஆனால் எவ்வளவு கழிவு, எவ்வளவு நிற்கும் துணி என்று பிரித்துக்காட்டும் எழுத்து எதுவும் இல்லை. ஓராண்டுக் கெடுவுக்குக் கணக்கர் விலகும் நாளிலிருந்து மூன்று வாரத்துக்கும் குறைவாகவே உள்ளது. இந்த ஒரு சலானின் வரி சிறிய தொகையாக இருக்கலாம். ஆனால் இதே நிலையில் பல சலான்கள் திறந்திருந்தால், தணிக்கையின்போது மொத்தமாக எழும் கேள்விக்கு விடை சொல்வது கடினமாகும்.

எனவே ஆவணம் "ஜாப் ஒர்க் சலான்கள் நிலுவையில் உள்ளன" என்று பொதுவாகச் சொல்லாமல், திறந்திருக்கும் சலான்களை ஓராண்டு முடியும் நாளின் வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் போன எடை, வந்த எடை, மீதி, மீதிக்கான காரணம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். மேற்சொன்ன சலானுக்கான அடுத்த படியும் திட்டவட்டமாக இருக்க வேண்டும்: கழிவு எடையைக் குறிப்பிட்டுப் பட்டறையிடமிருந்து எழுத்து வாங்குவது, நிற்கும் துணியை நவம்பர் 28-க்குள் சலானோடு திரும்பப் பெறுவது, அது முடியாவிட்டால் விற்பனையாகக் காட்டி வரி கட்டுவதா என்ற முடிவை ஆடிட்டரைக் கேட்டு முதலாளி எடுப்பது.

இரண்டாவது வரித்துறை அறிவிப்பு. தாக்கல் செய்த கணக்கில் முரண்பாடு தென்பட்டால் அதிகாரி ASMT-10 என்ற படிவத்தில் விளக்கம் கேட்கிறார்; பதில் தர 30 நாள் வரை அவகாசம் தரப்படுகிறது. அக்டோபர் 28 அன்று அத்தகைய அறிவிப்பு வந்திருந்தால், கெடு விலகுபவர் போன பிறகு, நவம்பர் 27 அன்று முடிகிறது. ஏற்கத்தக்க விளக்கம் கிடைக்காதபோது அதிகாரி வரி கோரும் நடவடிக்கைக்குச் செல்லலாம். கோரிக்கை ஆணையானபின் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக மூன்று மாதமே அவகாசம் உண்டு, சர்ச்சைக்குள்ளான வரியில் 10 சதவீதத்தை முன்பணமாகவும் கட்ட வேண்டும். ஆகவே எந்தெந்தப் பில்லுக்கு விளக்கம் தயார், எதற்கு இன்னும் ஆவணம் தேட வேண்டும், வரைவு யாரிடம் உள்ளது என்று பிரித்து எழுதுவது இன்றியமையாதது.

வந்த அறிவிப்பைவிட, வந்தும் கண்ணில் படாத அறிவிப்பு ஆபத்தானது. ஜிஎஸ்டி தளத்தில் அறிவிப்புகள் ஒரே இடத்தில் தோன்றுவதில்லை. சில `View Notices and Orders` பகுதியிலும், வேறு சில `View Additional Notices/Orders` பகுதியிலும் வருகின்றன. தகவல் மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் பதிவில் உள்ள முகவரிக்கும் எண்ணுக்கும் மட்டுமே செல்கின்றன. அந்த எண் விலகிய கணக்கருடையதாக இருந்தால், நிறுவனம் ஆணை வந்தபின்தான் விழித்துக்கொள்ளும். இரண்டு பகுதிகளையும் வாரம் ஒருமுறை திறந்து பார்க்கும் வேலை, பார்ப்பவரின் பெயரோடு நாட்காட்டியில் ஏற வேண்டும்.

கோப்புகளும் திறவுகோல்களும்

கோப்பு எங்கே உள்ளது என்று சொல்வதும், அதைத் திறக்க முடியும் என்று உறுதிசெய்வதும் இரண்டு வேறு செயல்கள். முதலாவதற்கு நிதியாண்டு, பொருள், மாதம் என்ற வரிசையில் அமைந்த ஒரே அடைவு போதும்:

```
D:\ACCOUNTS\2025-26\
   GST\2025-10\
   JOBWORK\DC-OPEN\
   JOBWORK\DC-CLOSED\
   NOTICES\2025-10-28_ASMT-10\
   PF-ESI\2025-10\
```

எடுத்துக்காட்டுக் கணக்கரின் கோப்புகளில் ஒரு பகுதி இந்த அடைவுக்குள் இல்லை என்பதுதான் சிக்கல். சாயப்பட்டறை எடைச் சீட்டுகளைப் புகைப்படமாக எடுத்து அவருடைய சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவந்தது. வங்கியின் சில கடிதங்கள் அவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு வந்தன. 40 கிலோ துணியின் கதைக்கு இருக்கும் ஒரே சான்று அந்தப் புகைப்படங்களாகவும் இருக்கலாம். அவற்றைச் சலான் எண்ணைப் பெயராக இட்டு `DC-OPEN` அடைவில் சேர்த்த பிறகே அவர் விடுவிக்கப்பட வேண்டும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும் என்பதால், 2025-26 கணக்குகள் 2032 இறுதிவரை தேவைப்படும். அந்தக் காலம் முழுவதும் ஒருவரின் சொந்தக் கைபேசியை நம்பியிருக்க இயலாது.

திறவுகோல்களைப் பொறுத்தவரை கடவுச்சொற்களை ஆவணத்தில் எழுதவே கூடாது, ஏனெனில் அதன் நகல்கள் பலர் கைக்குப் போகும். எந்தெந்தத் தளத்துக்கு எந்தப் பயனர்பெயர், ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது, கடவுச்சொல் யார் பொறுப்பில் உள்ளது என்பவற்றை மட்டும் அட்டவணையாகத் தந்தால் போதும். எண் மாற்றம் கணக்கர் அலுவலகத்தில் இருக்கும்போதே முடிய வேண்டும். ஜிஎஸ்டி பதிவில் புதிய கையொப்ப அதிகாரியைச் சேர்ப்பதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாதென்றாலும், தளத்துக்குள் நுழைந்துதான் அதைச் செய்ய இயலும். நுழைவுக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அதை மீட்கும் ஓடிபி பழைய எண்ணுக்கே போகும். கம்பெனிகள் கணக்குத் தாக்கலுக்குப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்பம் ஒரு தனிநபரின் பெயரில், யுஎஸ்பி டோக்கனில் வருவது; இயக்குநரின் டோக்கன் கணக்கரின் மேசை இழுப்பறையில் இருப்பது பல இடங்களில் வழக்கம் என்பதால், அது உரியவரிடம் திரும்பியதும் அதன் பின் எண்ணை மாற்றியதும் தேதியோடு பதிவாக வேண்டும். ஈ-வே பில் தளத்தில் கணக்கருக்கென உருவாக்கிய துணைப் பயனரை முடக்கிப் புதியவருக்கு வேறொன்று உருவாக்க வேண்டும். டேலியில் டேலிவால்ட் கடவுச்சொல் இடப்பட்டிருந்தால், அது தொலைந்தபின் தரவை மீட்க வழியில்லை. ஆகவே முதலாளியின் முன்னிலையில், வேறொரு கணினியில் காப்புப் பிரதியை மீட்டெடுத்துத் திறந்து காட்டுவது தவிர்க்கக் கூடாத படி.

சோதனையும் கையொப்பமும்

ஆவணம் முழுமையானதா என்பதைப் படித்துப் பார்த்து முடிவுசெய்ய இயலாது. அதைக் கொண்டு வேலை செய்து பார்த்தால்தான் தெரியும். கடைசி வாரத்தில் புதியவர் ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முடிந்துபோன செப்டம்பர் மாதத்தின் 2B ஒத்துப்பார்வையை மறுபடி செய்து, தாக்கலான தொகையோடு ஒப்பிட வேண்டும். விலகுபவர் அருகில் இருந்தாலும் தாமாக விளக்கம் தரக் கூடாது. புதியவர் எழுப்பும் ஒவ்வொரு கேள்வியும் ஆவணத்தில் உள்ள ஓர் இடைவெளி என்பதால், விடையை வாயால் சொல்வதோடு நிற்காமல் அன்றே அதில் சேர்க்க வேண்டும். புதியவர் நியமனமாகும் முன்பே கணக்கர் விலக நேர்ந்தால், இதே சோதனையை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வரும் ஒருவர் செய்யலாம்; அவருக்குச் சட்டம் தெரிந்திருந்தாலும் நிறுவனத்தின் பழக்கங்கள் தெரியாது என்பதால் இடைவெளிகள் தெளிவாகவே வெளிப்படும்.

இறுதியில் விலகுபவர், ஏற்பவர், முதலாளி ஆகிய மூவரும் கையொப்பமிடுகின்றனர். இக்கையொப்பம் பழைய கணக்குகள் அனைத்தும் சரியானவை என்பதற்கான சான்றாகாது. இன்னின்ன தகவல்கள் இன்ன நாளில் கைமாறின என்பதற்கு மட்டுமே சான்றாகும். அந்த எல்லை தெளிவாக இருப்பதற்காக, ஒவ்வொரு பதிவின் எதிரேயும் ஏற்பவர் "சரிபார்த்தது" அல்லது "சொல்லக் கேட்டது" என்ற இரண்டில் ஒன்றைக் குறிக்க வேண்டும். டோக்கன் கையில் வந்தது, காப்புப் பிரதி திறந்தது, GSTR-1 தாக்கலானதற்கான ஒப்புகை எண் தளத்தில் தெரிந்தது ஆகியவை முதல் வகையைச் சேரும். பட்டறையில் மீதமுள்ள துணி உண்மையில் எத்தனை கிலோ என்பது, அவர் நேரில் போய் எடைபோட்டுப் பார்க்கும்வரை, இரண்டாம் வகையிலேயே நிற்கும். நவம்பர் 15 முதல் புதியவரின் முதல் வேலை, "சொல்லக் கேட்டது" என்று குறித்த வரிகளைக் கெடு நாள் வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிப்பதாகும்.